படத்தைத் தராமல் முகவரியைத் தந்தோம்: 84 சேலைகளின் நிகழ்வு ஆய்வு

காரைக்குடிப் பக்கத்தில் கண்டாங்கிச் சேலை விற்கும் ஓர் அக்காவுக்கு இணையக் கடை வேலைகளை நான்தான் பார்த்துக் கொடுக்கிறேன். சிறிய கடை. தறிக்காரர்களிடம் நேரடியாக வாங்கி, வீட்டு முற்றத்தில் வைத்துப் படம் எடுத்து, வலைத்தளத்தில் போடுவார்கள். ஒரு நாள் காலையில் அக்கா போன் செய்தார். "தம்பி, கோயம்புத்தூருக்குப் போன சேலை திரும்பி வந்திருச்சு. தங்க ஜரிகைன்னு போட்டிருக்கீங்க, இதுல ஒரு இழை ஜரிகைகூட இல்லையேன்னு கேக்குறாங்க. நாம எப்பப்பா ஜரிகை வித்தோம்?"

அவர் கேட்டது நியாயம்தான். அவர் விற்பது முழுப் பருத்தி. கண்டாங்கி என்றாலே கட்டமோ கோடோ போட்ட உடல், இரண்டு பக்கமும் அகலமான கரை, அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு போன்ற அழுத்தமான நிறங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை அது. அக்கா கடைக்கு வரும் சேலைகளில் ஜரிகைக்கு இடமே இல்லை. தளத்தைத் திறந்து பார்த்தேன். படத்தில் இருந்தது கடுகு மஞ்சளில் அரக்குக் கட்டம். கீழே இருந்த விவரத்தில் "மயில்கழுத்து நீலத்தில் தங்க ஜரிகைக் கரை" என்று இருந்தது. அந்த விவரத்தை எழுதியவர் அக்காவும் இல்லை, நானும் இல்லை. முந்தின வாரம் 84 சேலைகளுக்கும் ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கொண்டு மொத்தமாக விவரம் எழுதி வாங்கி, தளத்தில் ஏற்றியிருந்தேன். சரி பார்க்காமல் ஏற்றியது என் தவறு. ஆனால் கருவி ஏன் இல்லாததை எழுதியது என்பது வேறு கேள்வி. அதைத் தேடிப் போன கதைதான் இது.

வேலை நடந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு விரிதாளில் 84 வரிகள். ஒவ்வொரு வரியிலும் சேலையின் எண்ணும் படத்தின் இணைய முகவரியும் இருந்தன. 61 முகவரிகள் கடையின் சொந்தத் தளத்தில் இருக்கும் படங்களுக்கு உரியவை. மீதி 23, அக்காவின் மகள் கூகுள் டிரைவில் போட்டு வைத்தவை. ஒரு சிறு நிரல் ஒவ்வொரு வரியாக எடுத்து, "இந்தப் படத்தில் உள்ள கண்டாங்கிச் சேலையை 40 சொற்களில் விவரி. விவரத்தைத் தவிர வேறு எதுவும் எழுதாதே" என்ற வாசகத்தோடு முகவரியையும் சேர்த்துக் கருவிக்கு அனுப்பும். வருவதை அடுத்த கட்டத்தில் எழுதி வைக்கும். அரை மணி நேரத்துக்குள் 84 கட்டங்களும் நிரம்பிவிட்டன. எல்லாம் நல்ல தமிழில், விற்பனைக்கு ஏற்ற நடையில் இருந்தன. ஒன்றுகூடப் பிழைச் செய்தி தரவில்லை.

முதலில் வந்த சந்தேகம் எல்லோருக்கும் வரக்கூடியதுதான்: கருவிக்குப் பார்வை சரியில்லை, நிறத்தைத் தப்பாகப் படிக்கிறது, முற்றத்து வெயிலில் எடுத்ததால் பளபளப்பை ஜரிகை என்று எண்ணிவிட்டது. அப்படியானால் படத்தை இன்னும் தெளிவாக எடுத்தால் போதும். அந்தச் சந்தேகத்தோடு நின்றிருந்தால் அக்காவை மறுபடியும் 84 சேலைகளைப் பிரித்துப் படமெடுக்கச் சொல்லியிருப்பேன்.

நிறுத்தியது விரிதாள்தான். சரியான விவரங்களைப் பச்சையிலும் தப்பானவற்றைச் சிவப்பிலும் குறித்துக்கொண்டு வந்தேன். பாதி தாண்டியபோதே ஒரு ஒழுங்கு கண்ணில் பட்டது. பச்சை விழுந்த வரிகளில் கோப்பின் பெயர் `arakku-manjal-kattam.jpg`, `karuppu-sivappu-kodu.jpg` என்ற மாதிரி இருந்தது. சிவப்பு விழுந்த வரிகளில் `IMG_2043.jpg`, `IMG_2051.jpg` என்று கேமரா வைத்த பெயர் இருந்தது. டிரைவ் முகவரிகளில் பெயரே கிடையாது, நீளமான ஓர் எழுத்துக் குவியல்தான் இருக்கும். அவற்றில் அநேகமாக எல்லாமே சிவப்பு. இவை எல்லாம் ஒரே முற்றத்தில், ஒரே போனில் எடுத்தவை. பார்வைக் கோளாறு என்றால் கோப்பின் பெயரைப் பார்த்து வருமா, போகுமா?

அப்புறம் மூன்று சோதனைகள் செய்தேன். ஒவ்வொன்றும் இரண்டு நிமிட வேலை. இதே சிக்கல் உங்களுக்கும் இருக்கலாம் என்று தோன்றினால் இவற்றையே செய்து பார்க்கலாம்.

முதல் சோதனை, பெயரை மாற்றுவது. சிவப்பு உடலில் கறுப்புக் கோடு போட்ட சேலை ஒன்றின் படத்தை `neelam-vellai-kattam.jpg` என்ற பெயரில் தளத்தில் இன்னொரு தடவை ஏற்றி, அந்த முகவரியை அனுப்பினேன். நீல நிறத்தில் வெள்ளைக் கட்டம் போட்ட சேலையைப் பற்றி அழகாக எழுதி வந்தது.

இரண்டாவது, ஒரே முகவரியை மூன்று தடவை அனுப்புவது. `IMG_2043.jpg` முதலில் மயில்கழுத்து நீலமாக இருந்தது. அடுத்து மாந்தளிர் நிறமாயிற்று. மூன்றாவது தடவை அரக்கு. உண்மையில் படத்தைப் பார்க்கும் கருவிக்குச் சொற்கள் மாறலாம், வர்ணனை கூடலாம் குறையலாம். ஆனால் கடுகு மஞ்சள் ஒவ்வொரு தடவையும் வேறு நிறமாக ஆகாது.

மூன்றாவதுதான் முடிவைச் சொன்னது. தளத்தில் இல்லவே இல்லாத `IMG_9999.jpg` என்ற பெயரைப் போட்டு அனுப்பினேன். உலாவியில் அந்த முகவரியைத் திறந்தால் 404 என்றுதான் வரும். அதற்கும் ஒரு விவரம் வந்தது. அகலமான கரை, மென்மையான பருத்தி, பண்டிகைக்கு ஏற்றது என்று வழக்கமான நடையில். இல்லாத படத்தையும் விவரிக்க முடிகிறது என்றால், இருக்கும் படத்தையும் அது பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இதை இன்னொரு பக்கத்திலிருந்தும் உறுதி செய்துகொள்ள ஆசைப்பட்டேன். படம் நம் தளத்தில்தானே இருக்கிறது? அதை யார் வந்து எடுத்தாலும் சர்வரின் அணுகல் பதிவில் ஒரு வரி விழும். எந்த நேரம், எந்தக் கோப்பு, எந்த ஐ.பி. முகவரி, என்ன விடை கொடுக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். நிரல் ஓடிய அரை மணி நேரத்துப் பதிவைத் திறந்து பார்த்தேன். அந்த 61 படங்களில் ஒன்றைக்கூட வெளியிலிருந்து எந்த இயந்திரமும் வந்து கேட்கவில்லை. கதவை யாரும் தட்டவே இல்லை. (தளத்துக்கு முன்னால் படங்களைச் சேமித்து வைத்துத் தரும் இடைச் சேவை ஏதாவது இருந்தால் இந்தச் சோதனை பொருந்தாது, கோரிக்கை அங்கேயே முடிந்துவிடும். இந்தக் கடைக்கு அப்படி எதுவும் இல்லை.)

சரி, உள்ளே என்னதான் நடந்தது?

படம் பார்க்கத் தெரிந்த மாடலுக்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன. எழுத்துக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று. எழுத்து வாசலில் போவதெல்லாம் டோக்கன் எனப்படும் சிறு துண்டுகளாக வெட்டப்படும். `https`, `://`, `IMG`, `_`, `204`, `3`, `.jpg` என்ற மாதிரி. வெட்டும் இடம் மாடலுக்கு மாடல் மாறும். ஆனால் எந்த மாடலிலும் அது எழுத்துத்தான். பட வாசலில் போவது வேறு விதம். படத்தின் புள்ளிகள் சிறு சிறு சதுரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு சதுரமும் எண்களின் வரிசையாக மாறி மாடலுக்குள் போகும். இந்த முறையைப் பரவலாக்கிய 2020ஆம் ஆண்டின் கூகுள் ஆய்வில் 224க்கு 224 புள்ளி கொண்ட படத்தை 16க்கு 16 புள்ளி கொண்ட சதுரங்களாக வெட்டினார்கள். ஒரு பக்கத்துக்கு 14, மொத்தம் 196 சதுரம். சேலையின் மஞ்சளும் கட்டமும் அந்தச் சதுரங்களில்தான் இருக்கின்றன. முகவரியின் எழுத்துகளில் அவை இல்லை.

என் நிரல் முகவரியை எழுத்து வாசலில் போட்டிருந்தது. பட வாசல் திறக்கவே இல்லை. எழுத்து வாசலில் ஒரு முகவரி வந்துவிட்டது என்பதற்காக மாடல் எழுந்து போய் இணையத்தில் அதைத் திறக்காது. மாடல் என்பது கொடுத்த டோக்கன்களை வைத்து அடுத்த டோக்கனைக் கணக்கிடும் ஒரு கணக்கு. வெளியே போய் எதையாவது எடுத்து வர வேண்டுமானால், அதைச் சுற்றி இருக்கும் வேறொரு நிரல் அந்த வேலையைச் செய்ய வேண்டும். என் ஏற்பாட்டில் அப்படி ஒரு நிரல் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இங்கே அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது. நான் கருவிக்குக் கொடுத்தது ஏட்டில் எழுதிய சுரைக்காய்.

அப்படியானால், படம் வரவில்லை என்று சொல்லியிருக்கலாமே? பல நேரங்களில் இப்படிப்பட்ட கருவிகள் அப்படித்தான் எழுதும். இந்த 84 தடவையும் எழுதாததற்கு இரண்டு காரணங்கள் இருப்பதாக நினைக்கிறேன். ஒன்று, என் வாசகம். "விவரத்தைத் தவிர வேறு எதுவும் எழுதாதே" என்று சொல்லி, "படம் கிடைக்கவில்லை" என்று எழுதும் வழியை நானே அடைத்துவிட்டேன். "இந்தப் படத்தில் உள்ள" என்ற தொடக்கமும் படம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளச் செய்கிறது. இரண்டாவது காரணம், மாடல் கற்ற எழுத்து. இணையப் பக்கங்களின் மூலக் குறியீட்டில் படத்தின் முகவரியும் அதன் விவரமும் பெரும்பாலும் அடுத்தடுத்தே இருக்கும். ஒரு படக் கோப்பின் பெயர் வந்தால் அதற்கேற்ற விவரம் வரும் என்பது மாடலுக்குப் பழகிய தடம். கோப்பின் பெயரில் `arakku` என்று இருந்தால் அரக்கு, ஒன்றும் இல்லாவிட்டால் சேலை என்ற சொல்லோடு அதிகம் சேர்ந்து வரும் நிறமும் ஜரிகையும். தமிழில் விற்பனைக்காக எழுதப்பட்ட சேலை விவரங்களில் ஜரிகை எவ்வளவு புழங்கும் என்று நமக்கே தெரியும். அந்தப் பழக்கத்தில்தான் அக்காவின் பருத்திச் சேலையில் தங்கம் ஏறியது.

இவ்வளவையும் கண்டுபிடித்த பிறகுதான் கவனித்தேன், இதற்கான சாட்சி முதல் நாளிலிருந்தே என்னிடம் இருந்திருக்கிறது. ஒவ்வோர் அழைப்புக்கும் எத்தனை டோக்கன் உள்ளே போயிற்று என்ற கணக்கைச் சேவை திருப்பித் தரும். அதை வைத்துத்தான் காசு வாங்குவார்கள். என் 84 வரிகளிலும் அந்த எண் 200க்கும் 300க்கும் இடையில் இருந்தது. முகவரி நீண்டால் கொஞ்சம் கூடியது, குறுகினால் குறைந்தது. படம் உள்ளே போயிருந்தால் இந்த எண் அப்படி இருக்கவே முடியாது. தங்கள் கிளாட் மாடல்களுக்கு ஆந்த்ரோபிக் நிறுவனம் கொடுத்திருந்த தோராயக் கணக்கு, அகலத்தை உயரத்தால் பெருக்கி 750ஆல் வகுப்பது. 1000க்கு 1000 புள்ளி படம் என்றால் சுமார் 1334 டோக்கன். ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடி-4ஓ மாடலில், நுணுக்கமாகப் பார்க்கச் சொன்னால் 1024க்கு 1024 படம் 765 டோக்கன் ஆகும். கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், மாடல் மாறும்போதும் மாறும். ஆனால் ஒரு நல்ல அளவுள்ள படம் நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ டோக்கன் சேர்க்கும் என்பது பொது. படம் அனுப்பியதாக நினைக்கும் அழைப்பில் எழுத்துக்கு மட்டும் ஆகும் டோக்கன்தான் ஆகியிருக்கிறது என்றால், போனது எழுத்து மட்டும்தான். நிரல் எழுதுபவர்களுக்கு இதைவிட எளிதான, செலவில்லாத சோதனை வேறு கிடையாது.

நான் ஏன் இதை முதலிலேயே யோசிக்கவில்லை? அதற்கு முந்தின மாதம் இதே கருவியின் அரட்டைச் சாளரத்தில் ஒரு சேலைப் படத்தைப் போட்டுச் சோதித்திருந்தேன். கட்டத்தின் அளவுவரை சரியாக எழுதியது. ஆனால் அங்கே நான் படக் கோப்பை இழுத்துப் போட்டிருந்தேன். அது பட வாசல். நிரலில் போட்டது முகவரி. கையில் படத்தைக் கொடுப்பதும் படம் இருக்கும் இடத்தைச் சொல்வதும் எனக்கு ஒன்றாகவே பட்டன.

அப்படிப் படுவதற்குக் காரணம் இருக்கிறது. வாட்ஸப்பில் ஒரு முகவரியை ஒட்டினால் உடனே சிறு படத்தோடு ஒரு பெட்டி வருகிறது அல்லவா? அங்கே முகவரியே படமாக மாறியது போலத் தெரியும். நடப்பது என்னவென்றால், நம் போனில் இருக்கும் செயலி அந்தப் பக்கத்தைப் போய்த் திறந்து, அதில் `og:image` என்ற குறி காட்டும் படத்தை எடுத்து வந்து காட்டுகிறது. எடுத்து வர ஒரு நிரல் அங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. பல வருடங்களாக இதைப் பார்த்துப் பார்த்து, ஒட்டினால் படம் வரும் என்று நம் கைக்கே பழகிவிட்டது. அக்காவும் இதைத்தான் சொன்னார்: "நான் உனக்கு லிங்க் அனுப்பினா படம் தெரியுதே தம்பி, அதுக்கு மட்டும் ஏன் தெரியல?" இதற்கு ஒரே வரியில் சொல்லும் விடை, வாட்ஸப்பில் போய் எடுத்து வர ஓர் ஆள் இருக்கிறார், இங்கே நாம் அந்த ஆளை வைக்கவில்லை.

திருத்தத்துக்கு வருவோம். பல சேவைகள் முகவரியைப் பட வாசலிலேயே ஏற்கும். அதற்கென்று தனி இடம் இருக்கிறது. ஓப்பன்ஏஐ வடிவத்தைப் பின்பற்றும் சேவைகளில், நான் எழுதியிருந்தது இது:

```
{"type": "text",
 "text": "விவரி: https://example.com/IMG_2043.jpg"}
```

எழுதியிருக்க வேண்டியது இது:

```
{"type": "image_url",
 "image_url": {"url": "https://example.com/IMG_2043.jpg"}}
```

இரண்டிலும் இருப்பது ஒரே முகவரி. இரண்டாவதில் `image_url` என்ற குறியைப் பார்த்ததும் சேவையின் சர்வர் தானே போய்ப் படத்தை எடுத்து, பட வாசலில் போடுகிறது. மாற்றி எழுதி ஓடவிட்டேன். கடைத் தளத்தின் அணுகல் பதிவில் வரிசையாக வரிகள் விழ ஆரம்பித்தன. டோக்கன் எண் 2000ஐத் தாண்டியது. 61 படங்களுக்கும் விவரம் மாறி வந்தது. கடுகு மஞ்சள் கடுகு மஞ்சளாக வந்தது.

டிரைவில் இருந்த 23 படங்களும் பிழைச் செய்தியோடு நின்றன. அதில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டோம் அல்லவா. டிரைவின் பகிர்வு முகவரி ஒரு படத்தின் முகவரியே அல்ல. அது படத்தைக் காட்டும் ஒரு வலைப்பக்கத்தின் முகவரி. நாம் உலாவியில் திறக்கும்போது அந்தப் பக்கம் ஓடி, நடுவில் படத்தைப் பெரிதாகக் காட்டுகிறது. நமக்குப் படம்தான் தெரியும், சுற்றியிருக்கும் பக்கம் கண்ணில் படாது. சர்வருக்குக் கிடைப்பது படம் இல்லை, பக்கத்தின் குறியீடு. எது படம், எது பக்கம் என்று பார்க்க ஒரு கட்டளை போதும்:

```
curl -sIL "முகவரி" | grep -iE "^HTTP|content-type"
```

விடையில் `200` என்றும் `image/jpeg` என்றும் வந்தால் அது படம். `text/html` என்று வந்தால் பக்கம். `403` என்றால் உள்ளே விடவில்லை, `404` என்றால் கோப்பு இல்லை. டிரைவ் முகவரிக்கு வந்தது `text/html`. கட்டளை எல்லாம் வேண்டாம் என்பவர்கள், தங்கள் கணக்கில் நுழையாத ஒரு தனிச் சாளரத்தில் முகவரியைத் திறந்து பார்க்கலாம். மேலே பொத்தான், ஓரத்தில் பட்டை எதுவும் இல்லாமல் படம் மட்டும் வெறுமனே தெரிந்தால் அது நேரடி முகவரி. நுழைவுப் பக்கம் வந்தால் கருவிக்கும் அதுதான் வரும், ஏனென்றால் நம் கடவுச்சொல் அதனிடம் இல்லை.

முகவரியின் கடைசியில் `.jpg` இருக்கிறதா என்று பார்ப்பது போதாது. விக்கிமீடியா காமன்ஸில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. `commons.wikimedia.org/wiki/File:Example.jpg` என்பது `.jpg` என்று முடிந்தாலும், படத்தைப் பற்றிய பக்கம். படம் இருப்பது `upload.wikimedia.org` என்று தொடங்கும் வேறோர் இடத்தில். இதற்கு நேர்மாறாக, முடிவில் எதுவுமே இல்லாத முகவரி சரியான படத்தைத் தருவதும் உண்டு. சர்வர் என்ன தருகிறது என்பதுதான் கணக்கு, பெயர் அல்ல. சில முகவரிகளுக்கு ஆயுளும் குறைவு. அமேசான் எஸ்3 கிடங்கில் கையொப்பமிட்டுத் தரப்படும் முகவரிகள் அதிகபட்சம் 7 நாள்தான் வேலை செய்யும், பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே வைப்பார்கள். நேற்று ஓடியது இன்று நிற்க இது ஒரு காரணம்.

இணையத்தில் தேடும் வசதியுள்ள கருவிகள் இருக்கின்றனவே, அவற்றில் முகவரியை ஒட்டினால் என்ன என்று கேட்கலாம். அங்கே போய் எடுத்து வர ஒரு நிரல் இருப்பது உண்மைதான். ஆனால் அது எடுத்து வருவது பெரும்பாலும் பக்கத்தின் எழுத்தைத்தான். பக்கத்தைத் திறந்து, பட்டியல், விளம்பரம் எல்லாவற்றையும் உதறி, மிஞ்சும் எழுத்தை மாடலுக்குக் கொடுக்கும். படம் அந்த உதறலிலேயே போய்விடும், அல்லது அதற்குப் பதிலாக எழுதி வைத்த மாற்று உரை மட்டும் மிஞ்சும். இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அக்காவின் தளத்தில் அந்த மாற்று உரை, கருவி முதலில் கற்பனையாக எழுதிய அதே விவரம். அந்தப் பக்கத்தை இப்படி ஒரு கருவிக்குக் கொடுத்தால், தங்க ஜரிகை என்ற பழைய பொய்யைப் படித்து, அதையே படத்தில் பார்த்ததாக எழுதும். படத்தின் நேரடி முகவரியைக் கொடுத்தால் படத்தையே எடுத்துப் பார்க்கும் கருவிகளும் உண்டு. எது எப்படி என்பதை ஆவணத்தில் தேடுவதைவிட, பெயர் மாற்றிய ஒரு படத்தைப் போட்டுப் பார்ப்பது சீக்கிரம் முடியும்.

கடைசியில் முகவரிகளையே விட்டுவிட்டேன். 84 படங்களையும் கணினியில் இறக்கி, கோப்பையே எழுத்தாக மாற்றி அனுப்பினேன்:

```
import base64
raw = open("IMG_2043.jpg", "rb").read()
url = "data:image/jpeg;base64," + base64.b64encode(raw).decode()
```

இந்த `url`ஐ முன்பு சொன்ன `image_url` இடத்தில் வைத்தால் போதும். யாரும் எங்கும் போய் எதையும் எடுத்து வர வேண்டாம், படமே கையோடு போகிறது. இப்படி மாற்றும்போது அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும், 3 எம்.பி. படம் 4 எம்.பி. ஆகும். அதனால் முதலில் நீளப் பக்கத்தை 1500 புள்ளிக்குச் சுருக்கிக்கொண்டேன். கட்டமும் கோடும் தெரிய அது தாராளம். இன்னொரு நன்மையும் உண்டு: கோப்பின் பெயர் கூடவே போவதில்லை. பெயரைப் பார்த்து ஊகிக்க வழியே இல்லை.

அப்படியும் இரண்டு விவரங்களில் ஜரிகை எட்டிப் பார்த்தது. படம் உள்ளே போயிருந்தது, டோக்கன் எண் சரியாக இருந்தது. என் வாசகத்தில் "கண்டாங்கிச் சேலையை விவரி" என்று இருந்ததும், வெயில் பட்ட கரை மினுங்கியதும் சேர்ந்து அந்தப் பழைய பழக்கத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். வாசகத்தை மாற்றினேன். சேலையின் பெயரை எடுத்துவிட்டு, "படத்தில் தெரியும் நிறங்கள், கட்டமா கோடா, கரையின் அகலம் இவற்றை மட்டும் எழுது. படம் வராவிட்டாலோ தெளிவாக இல்லாவிட்டாலோ 'படம் இல்லை' என்று எழுது" என்று போட்டேன். ஜரிகை மறைந்தது. விற்பனை நடையும் சேர்ந்து மறைந்தது, அது எனக்குச் சம்மதம்தான்.

படத்தைப் பார்த்தாலும் தெரியாதவை சில உண்டு. நூல் எண்ணிக்கை, துணியின் கனம், சாயம் போகுமா போகாதா என்பதெல்லாம் புகைப்படத்தில் இல்லை. நிறம்கூட, டியூப் லைட்டில் எடுத்த நான்கைந்து சேலைகளில் அரக்கு கத்தரிப்பூவாகத்தான் வந்தது. படத்தில் அப்படித்தான் இருந்தது, கருவியைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கட்டங்களை அக்காவே நிரப்பினார். சேலையை மடியில் விரித்து, விரலால் தடவிப் பார்த்து, ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். ஒரு மாலைப் பொழுது ஆயிற்று.

இப்போது புதிய சரக்கு வரும்போதெல்லாம் விரிதாளில் இரண்டு வரி கூடுதலாகச் சேர்க்கிறேன். ஒன்றில் படத்துக்குப் பதிலாக இல்லாத ஒரு முகவரி எழுத்தாக இருக்கும். இன்னொன்றில் அக்கா வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் பூனையின் படம். முதல் வரிக்கு "படம் இல்லை" என்றும் இரண்டாவதற்குப் பூனை என்றும் வந்தால்தான் மற்ற வரிகளைத் திறந்து படிக்கிறேன். போன வாரம் வந்த 19 சேலைகளில் இரண்டுமே சரியாக வந்தன. அந்த 19ஐயும் அக்கா சேலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் தளத்தில் ஏற்றச் சொன்னார்.